ஜல்ஸாவா, ஜில்ஸாவா? அரபியில் ஒருமுறைப் பெயரும் விதப் பெயரும் அமைக்கும் முறை

ஜல்ஸா என்றால் ஒருமுறை உட்கார்வது. ஜில்ஸா என்றால் உட்காரும் விதம். எழுத்துகள் அதேதான். முதல் எழுத்துக்கு ஜபர் போட்டால் ஒன்று, ஜேர் போட்டால் மற்றொன்று. முதலாவதை இஸ்முல் மர்ரா என்றும் இரண்டாவதை இஸ்முல் ஹைஆ என்றும் ஸர்ஃப் பாடத்தில் சொல்வார்கள். (பேச்சுத் தமிழில் உலவும் 'ஜல்சா'வுக்கு இங்கே வேலை இல்லை.)

விதி இரண்டு வரிதான். ஆனாலும் மாலை வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அச்சு மனப்பாடமாக இருக்கிறது. அந்த அச்சில் எதைப் போடுவது என்று பார்க்காமல் போட்டுவிடுகிறார்கள். அதனால் இங்கே விதியைவிட வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்

மூன்று விஷயம் தெரிந்திருந்தால் போதும்: ஒரு சொல்லின் மூல எழுத்துகளைப் பிரித்தெடுப்பது, அந்த வினையின் மஸ்தர் (தொழிற்பெயர்) எது என்று அகராதியில் பார்ப்பது, மஃபூல் முத்லக் என்றால் என்ன என்பது.

மூன்றாவது தமிழருக்கு எளிது. "அவனை ஓர் அடி அடித்தான்", "ஒரு பார்வை பார்த்தாள்" என்று நாமும் சொல்கிறோம். வினையின் பெயரையே வினையோடு சேர்த்து வைக்கிறோம். அரபியின் மஃபூல் முத்லக்கும் அதுதான்.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. தமிழில் "ஒரு பார்வை பார்த்தாள்" என்றால் ஒருமுறை பார்த்தாள் என்றும் இருக்கலாம், பார்த்த விதம் ஒரு மாதிரி என்றும் இருக்கலாம். குரல்தான் பிரித்துக் காட்டும். அரபியில் அதை உயிர்க்குறி பிரிக்கிறது. எழுதும் முன் எதைச் சொல்ல வருகிறோம் என்று நமக்குத் தெளிவு வேண்டும்.

1. இந்த வினையை எண்ண முடியுமா என்று பாருங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், விடை 'இல்லை' என்றால் மற்ற படிகளே தேவையில்லை. உட்கார்தல், அடித்தல், பார்த்தல் போல உடலால் செய்து முடிக்கிற செயலுக்குத்தான் ஒருமுறைப் பெயர் வரும். அலிம (அறிந்தான்), ஹஸுன (அழகாயிருந்தான்) போன்றவற்றுக்கு வராது. அறிவும் அழகும் தொடங்கி முடிந்து மறுபடி தொடங்குகிற செயல்கள் அல்ல. கான, அஸா போன்ற குறைவினைகளுக்கும் கிடையாது.

பாடநூல்களில் "மனத்தின் செயலுக்கு வராது" என்று இருக்கும். அதை அப்படியே பிடித்துக்கொண்டால் ஓர் இடத்தில் இடிக்கும். நோன்பாளிக்கு இரண்டு மகிழ்ச்சிகள் என்ற ஹதீஸில் ஃபர்ஹதானி என்று இருமையில் வருகிறது. மகிழ்ச்சி மனத்தில் நடப்பதுதான். ஆனால் நோன்பு திறக்கும்போது ஒன்று, இறைவனைச் சந்திக்கும்போது ஒன்று என்று தனித்தனியாக எண்ண முடிகிறது. ஆகவே நான் மாணவர்களிடம் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இதை 'இரண்டு தடவை' என்று சொல்ல முடியுமா?

2. வினைக்கு எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள்

இறந்தகால வினையில், அவன் என்ற எழுவாய்க்கான வடிவத்தை எடுங்கள். ஜலஸ என்பதில் மூன்று எழுத்து. இல்தஃபத (திரும்பிப் பார்த்தான்) என்பதில் மூன்றுக்கு மேல். இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது.

மூன்றெழுத்து வினையானால் மூல எழுத்துகளிலிருந்து அமைக்க வேண்டும். மூன்றுக்கு மேலானால் மஸ்தரிலிருந்து அமைக்க வேண்டும். வகுப்பில் நான் திருத்தும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் மாற்றிப் போட்டதால் வருபவை.

3. மூன்றெழுத்தானால் மஸ்தரை மறந்துவிடுங்கள்

மூன்று எழுத்தையும் எடுத்து, நடு எழுத்துக்கு ஸுகூன் போட்டு, கடைசியில் வட்டத் தா சேருங்கள். முதல் எழுத்துக்கு ஜபர் என்றால் ஃபஃலா அச்சு: ஒருமுறை. ஜேர் என்றால் ஃபிஃலா அச்சு: விதம்.

ஜலஸ: ஜல்ஸா, ஜில்ஸா. கதல (கொன்றான்): கத்லா, கித்லா. மஷா (நடந்தான்): மஷ்யா, மிஷ்யா. ளரப (அடித்தான்): ளர்பா, ளிர்பா.

மஸ்தரை ஏன் மறக்க வேண்டும்? ஜலஸவின் மஸ்தர் ஜுலூஸ். அதன் வாலில் தா ஒட்டி 'ஜுலூஸா' என்று எழுதுகிறவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. மஸ்தரில் இருக்கும் வாவ் மூல எழுத்து அல்ல, அச்சுக்காக வந்த கூடுதல் எழுத்து. மூலத்துக்குத் திரும்பினால் அது தானாக உதிர்ந்துவிடும்.

இந்தத் தவறு சில இடங்களில் பொருளையே கவிழ்த்துவிடும். காம (நின்றான்) என்பதன் மஸ்தர் கியாம். ஒரு மாணவர் 'ஒருமுறை நின்றான்' என்பதற்கு அதில் தா ஒட்டிக் கியாமா என்று எழுதினார். அது கியாமத்து நாள்! ருகூவிலிருந்து எழுந்து நிற்பதைத் தொழுகை நூல்களில் கவ்மா என்று படித்திருப்பீர்கள். அதுதான் சரியான ஒருமுறைப் பெயர். ரக்அத், ஸஜ்தா, இரண்டு ஸஜ்தாவுக்கு நடுவில் உட்காரும் ஜல்ஸா எல்லாம் இதே அச்சில் வார்த்தவைதான். குழம்பினால் இவற்றில் ஒன்றைச் சொல்லிப் பார்த்து அச்சை நினைவுக்குக் கொண்டுவரலாம்.

அச்சுக்கு அடங்காத சிலவும் உண்டு. ஹஜ் ஒருமுறை செய்வதற்கு ஹிஜ்ஜா என்று ஜேருடன் அரபியர் சொல்லியிருக்கிறார்கள். அதேபோல ரஆ (கண்டான்) என்பதற்கு ருஃயா என்று பேஷுடன் வரும். இவை கேட்டு அறிய வேண்டியவை. இவற்றைப் பார்த்து நாமாகப் புதிதாக ஒன்றைச் செய்யக் கூடாது.

4. நடுவிலோ ஓரத்திலோ வாவ், யா இருந்தால்

நேரத்தைத் தின்னும் பகுதி இதுதான். இறந்தகால வினையில் அலிஃப் தெரிந்தாலும், அந்த அலிஃபுக்கு அடியில் ஒரு வாவோ யாவோ ஒளிந்திருக்கிறது. ஒருமுறைப் பெயரில் அது வெளியே வந்துவிடும். நாம (தூங்கினான்) என்பதில் வாவ், எனவே நவ்மா. பாஅ (விற்றான்) என்பதில் யா, எனவே பைஆ. ஜபருக்குப் பின் ஸுகூன் பெற்ற வாவும் யாவும் சிரமமில்லாமல் நிற்கும்.

விதப் பெயரில்தான் ஒரு மாற்றம். நாமவின் விதப் பெயரை அச்சில் போட்டால் 'நிவ்மா' என்று வரவேண்டும். ஜேருக்குப் பின் ஸுகூன் பெற்ற வாவை அரபு நாக்கு ஏற்காது. அந்த வாவ் யாவாகி, இரண்டும் சேர்ந்து நெடில் ஈ ஆகிறது: நீமா. இதேபோல மாத (இறந்தான்) என்பதற்கு மவ்தா, மீதா. 'மாத மீததன் ஜாஹிலிய்யதன்' என்ற ஹதீஸ் தொடரில் இந்த மீதாவைப் பார்க்கலாம்: அறியாமைக் கால மரணத்தைப் போன்ற மரணம். இறப்பது எப்படியும் ஒருமுறைதான். அங்கே பேச்சு எண்ணிக்கையைப் பற்றியதல்ல, விதத்தைப் பற்றியது.

ஸார (நடந்தான், பயணித்தான்) என்பதில் நடு எழுத்து முதலிலேயே யா. ஒருமுறைக்கு ஸைரா, விதத்துக்கு ஸீரா. நபியின் வாழ்க்கை வரலாற்றுக்கு நாம் சொல்லும் ஸீரா இதுவேதான்: ஒருவர் நடந்துகொண்ட விதம்.

முதலெழுத்து வாவாக இருந்தால் வேறொரு பொறி. வஅத (வாக்களித்தான்) என்பதற்கு இதா என்று வாவ் விழுந்த மஸ்தர் ஒன்று உண்டு. அதைத் தெரிந்தவர்கள் ஒருமுறைப் பெயரிலும் வாவை விழுங்கிவிடுவார்கள். மூலத்துக்குப் போனால் வாவ் பத்திரமாக இருக்கிறது: வஃதா. மறுபடியும், மஸ்தரை மறந்துவிடுங்கள்.

கடைசி எழுத்து நலிந்ததானால் பயமே இல்லை. ரமா (எறிந்தான்) என்பதற்கு ரம்யா, கஸா (படையெடுத்தான்) என்பதற்கு கஸ்வா.

5. மஸ்தரே அச்சில் வார்த்தது போல் இருந்தால்

மஸ்தரை மறக்கச் சொன்னேன். அமைத்து முடித்த பிறகு ஒருமுறை மட்டும் திரும்பி அதைப் பாருங்கள். ரஹிம (இரக்கம் காட்டினான்) என்பதன் மஸ்தரே ரஹ்மா. ஒருமுறைப் பெயரும் ரஹ்மா. 'ரஹிமஹு ரஹ்மதன்' என்றால் வெறும் இரக்கமா, ஒருமுறை இரக்கமா என்று படிப்பவருக்குத் தெரியாது. அதனால் வாஹிதா (ஒன்று) என்ற அடையைச் சேர்க்க வேண்டும்: 'ரஹ்மதன் வாஹிததன்'. தஃவா (அழைத்தல்) என்பதும் இப்படியே.

விதப் பெயரிலும் இது நேரும். கதம (பணி செய்தான்) என்பதன் மஸ்தர் கித்மா, நாம் கித்மத் என்கிறோமே அது. அதன் விதத்தைக் காட்ட, எப்படிப்பட்ட பணி என்று அடையோ, இன்னாருடைய பணி போல என்று இளாஃபாவோ வேண்டும்.

இதிலிருந்து 'வாஹிதா வந்தால்தான் ஒருமுறைப் பெயர்' என்று சிலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அல்ஹாக்கா அத்தியாயத்தின் (69) 13ஆம் வசனத்தில் 'நஃப்கதுன் வாஹிதா' (ஒரே ஊதல்), 14இல் 'தக்கதன் வாஹிதா' (ஒரே மோதல்) என்று வருகின்றன. நஃப்கா என்பதற்குள்ளேயே ஒன்று அடங்கியிருக்கிறது. வாஹிதா அதை அழுத்திச் சொல்ல வந்தது. ரஹ்மாவில் வாஹிதா இல்லாவிட்டால் பொருள் மங்கும். நஃப்காவில் இல்லாவிட்டாலும் பொருள் நிற்கும்.

அதே அத்தியாயத்தின் 10ஆம் வசனத்தையும் பாருங்கள்: 'அக்ததன் ராபியா', மிகக் கடுமையான பிடி. விதத்தைச் சொல்லும் அடை இருக்கிறது. ஆனாலும் முதலெழுத்துக்கு ஜபர்தான். அடை வந்ததால் ஜபர் ஜேராக மாறிவிடாது. ஒரே பிடி, அது கடுமையான பிடி, அவ்வளவே.

6. மூன்றெழுத்துக்கு மேலானால் மஸ்தரிலிருந்து அமையுங்கள்

இங்கே ஃபஃலா அச்சில் போட்டால் கூடுதல் எழுத்துகள் உதிர்ந்து, வேறு வினையின் பெயராகிவிடும். அதனால் மஸ்தரை அப்படியே வைத்துக்கொண்டு தா மட்டும் சேர்க்கிறோம். கப்பர என்பதற்குத் தக்பீர், ஒருமுறைக்குத் தக்பீரா. தொழுகையின் தொடக்கத்தில் சொல்வதைத் தக்பீரதுல் இஹ்ராம் என்பது இதனால்தான். இல்தஃபத என்பதற்கு இல்திஃபாத், ஒருமுறைக்கு இல்திஃபாதா. இப்தஸம (புன்னகைத்தான்) என்பதற்கு இப்திஸாம், ஒருமுறைக்கு இப்திஸாமா.

மஸ்தரில் ஏற்கெனவே தா இருந்தால் முன்பு சொன்ன வாஹிதாதான் வழி: 'இகாமதன் வாஹிததன்'. ஒரு வினைக்கு இரண்டு மஸ்தர் இருந்தால் அதிகம் வழங்குவதை எடுங்கள். காதல (போரிட்டான்) என்பதற்குக் கிதால், முகாதலா இரண்டும் உண்டு. முகாதலாவே ஒழுங்கான மஸ்தர் என்பதால் 'முகாதலதன் வாஹிததன்' என்போம். கிதாலில் தா ஒட்டுவதில்லை.

விதப் பெயருக்கோ இங்கே அச்சே கிடையாது. மஸ்தரை இளாஃபாவாக்கிச் சமாளிக்க வேண்டும்: 'இன்தலக இன்திலாகஸ் ஸஹ்மி', அம்பு பாய்வது போலப் பாய்ந்தான். இக்தமரத் (முக்காடிட்டாள்) என்பதிலிருந்து கிம்ரா, தஅம்மம (தலைப்பாகை கட்டினான்) என்பதிலிருந்து இம்மா என்று சில விதப் பெயர்கள் கேள்வியில் உண்டு. உடுத்தும் விதத்தைச் சொல்லும் அந்த ஒருசிலவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. வாக்கியத்தில் வைத்து எண்ணுங்கள்

ஒருமுறைப் பெயர் எண்ணிக்கைக்கு உரியது. அதனால் இருமையும் பன்மையும் எடுக்கும். இருமை எளிது: ஜல்ஸதைனி. பன்மையில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஸஜ்தா என்பதன் பன்மை 'ஸஜ்தாத்' அல்ல, ஸஜதாத். நடு எழுத்தின் ஸுகூன் போய் ஜபர் வரும். நள்ரா என்பதற்கு நளராத், ரக்அத் என்பதற்கு ரகஆத். நடுவில் வாவோ யாவோ இருந்தாலும், எழுத்து இரட்டித்திருந்தாலும் மட்டும் ஸுகூன் அப்படியே இருக்கும்: நவ்மாத், தக்காத்.

மூன்று முதல் பத்து வரை எண்ணினால் எண்ணுப்பெயரிலிருந்து தா விழும், ஏனென்றால் எண்ணப்படுவது பெண்பால்: ஸலாஸ ளரபாதின், மூன்று அடிகள்.

விதப் பெயர் எண்ணிக்கைக்கு வந்ததல்ல. தனியாக 'ஜலஸ ஜில்ஸதன்' என்று விட்டால் ஒரு விதமாக உட்கார்ந்தான் என்று தொங்கும். 'ஜில்ஸதல் அமீரி' (தலைவரைப் போல) என்றோ 'ஜில்ஸதன் ஹஸனதன்' (அழகாக) என்றோ முடித்துவிடுங்கள். சுற்றியுள்ள சொற்களே விதத்தைக் காட்டினால் அடை வேண்டாம். 'ஃபஅஹ்ஸினுல் கித்லா' என்ற ஹதீஸில், கொல்லும் விதத்தை நல்லதாக்குங்கள் என்று வினையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அங்கே கித்லா மஃபூல் முத்லக்கும் அல்ல, சாதாரணச் செயப்படுபொருள்தான்.

8. ஒரு வாக்கியத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்

"இரண்டு முறை திரும்பிப் பார்த்தான், அப்புறம் திருடனைப் போல நடந்தான்."

முதல் பாதி எண்ணிக்கை. திரும்பிப் பார்ப்பதை எண்ண முடியும். வினை இல்தஃபத, மூன்றெழுத்துக்கு மேல். எனவே மஸ்தரைத் தேடுகிறோம்: இல்திஃபாத். தா சேர்த்தால் இல்திஃபாதா. இரண்டு முறை என்பதால் இருமை, மஃபூல் முத்லக் என்பதால் நஸ்பு நிலை: இல்திஃபாததைனி.

இரண்டாம் பாதி விதம். வினை மஷா, மூன்றெழுத்து. மஸ்தரைத் தொடவில்லை. மூல எழுத்துகள் மீம், ஷீன், யா. விதம் என்பதால் ஜேர்: மிஷ்யா. யாருடைய நடை என்று இளாஃபாவாக்கினால் மிஷ்யதல் லிஸ்ஸி.

சேர்த்தால்: 'இல்தஃபத இல்திஃபாததைனி, ஸும்ம மஷா மிஷ்யதல் லிஸ்ஸி.'

இதை முதல்முறை எழுதுகிறவர் பெரும்பாலும் 'மஷ்யதல் லிஸ்ஸி' என்று எழுதிவிடுவார். தமிழில் 'நடை' ஒன்றுதானே! 'ஒரு' வைத்துப் படித்துப் பாருங்கள். "திருடனின் ஒரு நடை" என்று எண்ணத் தோன்றினால் ஜபர். "திருடன் நடக்கும் மாதிரி" என்று தோன்றினால் ஜேர்.

9. குறியில்லாத பிரதியைப் படிக்கும்போது

அமைப்பது தெரிந்துவிட்டால் படிப்பதில் மிச்சமிருப்பது உயிர்க்குறி இல்லாத பிரதிதான். அங்கே ஜபர், ஜேர் மட்டுமல்ல, பேஷையும் கணக்கில் வையுங்கள். ஃபுஃலா அச்சு பெரும்பாலும் அளவைச் சொல்லும்: லுக்மா என்றால் ஒரு கவளம்.

அல்பகரா அத்தியாயத்தின் (2) 249ஆம் வசனத்தில் தாலூத்தின் படை ஆற்றைக் கடக்கிறது. கையால் அள்ளிக் குடித்தவருக்கு மட்டும் விலக்கு. நம் ஊர்ப் பிரதிகளில் இருக்கும் ஆஸிமின் ஓதலில் அது குர்ஃபா, பேஷுடன்: கையில் கொள்ளும் அளவு நீர். நாஃபிஉ, இப்னு கஸீர், அபூ அம்ர் ஆகியோரின் ஓதலில் கர்ஃபா, ஜபருடன்: ஒருமுறை அள்ளுவது. முன்னதில் எண்ணுவது நீரை, பின்னதில் எண்ணுவது கையின் செயலை. அங்கே வினை இக்தரஃப என்ற நீண்ட வினை. நாம் 6ஆம் படியில் சொன்னபடி இக்திராஃபா என்றல்லவா வரவேண்டும் என்று கூர்மையான மாணவர் கேட்பார். கரஃப என்ற மூன்றெழுத்து வினையின் பெயரை அங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் பதில். நெருங்கிய வினைகளுக்குள் இப்படி மாறி வருவது உண்டு.

ஜபருக்கும் ஜேருக்கும் நடுவே நிற்கும் இடம் அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் (26) 19ஆம் வசனம். மூஸாவைப் பார்த்து ஃபிர்அவ்ன் சொல்கிறான்: 'வஃபஅல்த ஃபஃலதகல்லதீ ஃபஅல்த', நீ செய்த அந்தச் செயலையும் செய்தாய். ஜபருடன் படித்தால் அது ஒருமுறை நடந்தது, எகிப்தியன் ஒருவன் இறந்த அந்த ஒற்றைச் சம்பவம். ஷஅபீ இதை ஃபிஃலதக என்று ஜேருடன் ஓதியதாக விரிவுரைகளில் இருக்கிறது. அப்போது குற்றச்சாட்டு செயலின் வகைமேல் போகிறது, எந்த விதமாகச் செய்தாய் பார் என்று. மாணவர்களிடம் இந்த வசனத்தைக் குறியில்லாமல் எழுதிக் கொடுத்து, இரண்டு விதமாகவும் மொழிபெயர்த்து வரச் சொல்வேன். இரண்டு மொழிபெயர்ப்பும் ஒரே மாதிரி வந்தால், 7ஆம் படிக்குத் திரும்ப வேண்டும்.